கரும்புச் சோகை கீறிய கண்

கரும்புக்குச் சோகை உரிக்கும்போது இலை நுனி கண்ணில் சுருக்கென்று பட்டுவிடுகிறது. கருவிழியின் மேல்தோல் மட்டும் கீறியிருந்தால் ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். அதை நம்பித்தான் பலரும் பொறுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் சோகையில் இருந்த பூஞ்சை வித்து கீறலுக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. பூஞ்சை அவசரப்படாது. ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேலே கழித்துக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசும். கருவிழியில் வெண்புள்ளி தெரியும்; அதன் ஓரம் பெரும்பாலும் இறகுபோலப் பிசிறடித்திருக்கும். அதுதான் புண்.

இதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டிருப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், நிம்மதியாகவும் இருக்கும். உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்பு. பூஞ்சை ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். கருவிழியின் தடிமனோ நடுவில் அரை மில்லிமீட்டர்தான். அது ஓட்டையானால் கண்ணே போகலாம்.

மருத்துவர் புண்ணைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை இழை தெரிந்தால் 5 சதவீத நாட்டாமைசின் சொட்டு, முதலில் மணிக்கொரு முறை, பிறகு வாரக்கணக்கில். ஆறினாலும் தழும்பு நிற்கும். அது கண்மணிக்கு நேரே விழுந்தால் பார்வை மங்கலாகவே இருக்கும்.