ஏபிஐ என்றால் என்ன? ஒரே பேமென்ட் இரண்டு முறை போவது ஏன்? ஓட்டல் உதாரணத்தோடு எளிய விளக்கம்

"சார், பேமென்ட் ஏபிஐ டைம் அவுட் ஆகுது." மீட்டிங்கில் டெக்னிக்கல் டீம் இப்படிச் சொன்னால், கோடிங் தெரியாத மேனேஜருக்கு வரும் சந்தேகம் இதுதான்: தப்பு யார் பக்கம்? பணம் போச்சா, போகலையா? இதைப் புரிஞ்சுக்க கம்ப்யூட்டர் படிச்சிருக்க வேண்டாம். ஓட்டலில் சாப்பிட்ட அனுபவம் போதும்.

ஓட்டல் சர்வர்தான் ஏபிஐ

ஓட்டலுக்குப் போனால் நாம் நேராக சமையலறைக்குள் நுழைவதில்லை. மெனு கார்டைப் பார்த்து சர்வரிடம் சொல்கிறோம். அவர் உள்ளே போய்ச் சொல்லி, தோசையைக் கொண்டு வருகிறார். உள்ளே எந்த மாஸ்டர் தோசை ஊத்தினார் என்பது நமக்குத் தேவையில்லை.

ஏபிஐ செய்வதும் இதே வேலைதான். 'அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' என்பதன் சுருக்கம் இது. ஒரு மென்பொருளின் ஆர்டரை வாங்கி, இன்னொரு மென்பொருளிடம் கொடுத்து, பதிலைக் கொண்டு வரும் ஏற்பாடு. என்னென்ன கேட்கலாம், எப்படிக் கேட்கணும் என்று விளக்கும் டாகுமென்டேஷன்தான் மெனு கார்டு.

ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம். கம்ப்யூட்டர்காரர்கள் 'சர்வர்' என்று சொன்னால் அது பரிமாறுபவர் இல்லை, சமையலறை!

சொன்னதை மட்டுமே செய்யும்

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் நிறுவனம் ஒரு சப்ளையருக்கு 12,000 ரூபாய் அனுப்ப வேண்டும். உங்கள் அக்கவுன்ட்ஸ் மென்பொருள், பணம் அனுப்பும் நிறுவனத்தின் ஏபிஐ-யிடம் ஆர்டர் கொடுக்கிறது.

பல பேமென்ட் ஏபிஐ-களில் தொகையைப் பைசாவில் சொல்ல வேண்டும். அதாவது 1200000 என்று அனுப்ப வேண்டும். தெரியாமல் 12000 என்று அனுப்பினால், சப்ளையருக்குப் போவது 120 ரூபாய்தான். ஓட்டல் சர்வராக இருந்தால் "சார், சரியாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்பார். ஏபிஐ கேட்காது.

தப்பு யார் பக்கம்? நம்பர் சொல்லும்

ஏபிஐ கொண்டு வரும் பதிலில் பெரும்பாலும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் ஆர்டர் ஏற்கப்பட்டது. 400-களில் வந்தால், நாம் கொடுத்த சீட்டில்தான் பொதுவாகப் பிரச்னை. உதாரணமாக 429 என்றால், அளவுக்கு அதிகமாக ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். 500-களில் வந்தால் சமையலறைப் பக்கம் கோளாறு. ஆக, "ஏபிஐ வேலை செய்யலை" என்று டீம் சொன்னால், "என்ன நம்பர் வருது?" என்று கேளுங்க.

பதிலே வரலைன்னா?

இதுதான் டைம் அவுட். உள்ளே போன சர்வர் திரும்பி வரவே இல்லை. அவர் ஆர்டரைச் சொல்லாமலே எங்கேயோ போயிருக்கலாம். அல்லது தோசை ரெடியாகி, கொண்டு வரும் வழியில் நின்றிருக்கலாம். டேபிளில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பொறுமை இழந்து இன்னொரு சர்வரிடம் ஆர்டர் கொடுத்தால், இரண்டு தோசை வரும், இரண்டுக்கும் பில் வரும். பேமென்ட்டிலும் அப்படித்தான். முதல் ஆர்டரிலேயே பணம் போயிருக்கும், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். மென்பொருள் மறுபடி முயற்சி செய்தால் சப்ளையருக்கு 24,000 ரூபாய் போய்விடும்.

டோக்கன் நம்பர் காப்பாற்றும்

இதற்கான வழி, ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் ஒரு டோக்கன் நம்பர் போடுவது. டெக்னிக்கல் டீம் இதை 'ஐடெம்பொட்டன்சி கீ' என்பார்கள். மறுபடி கேட்கும்போதும் அதே டோக்கனைக் கொடுக்க வேண்டும். சமையலறை அதைப் பார்த்து, "இது ஏற்கெனவே செஞ்சாச்சே" என்று பழைய பதிலையே திருப்பித் தரும். இரண்டாவது தோசை ஊத்தாது.

பல இடங்களில் தப்பு நடப்பது இங்கேதான். டோக்கன் போட்டிருப்பார்கள், ஆனால் மறுமுயற்சி ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் புது டோக்கன் போடும். சமையலறைக்கு அது புது ஆர்டர். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரே சப்ளையர், ஒரே தொகை, சில நிமிட இடைவெளியில் இரண்டு என்ட்ரி இருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

இன்னொன்று, டோக்கனை சமையலறை என்றென்றைக்கும் நினைவில் வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில நிறுவனங்களில் கெடு உண்டு. அதனால் மறுநாள் மறுபடி அனுப்பும் முன், பழைய ஆர்டரின் நிலை என்ன என்று ஏபிஐ-யிடமே கேட்டுப் பார்ப்பது பாதுகாப்பு.

அடுத்த முறை "டைம் அவுட்" என்று டீம் வந்து நின்றால், இரண்டே கேள்வி போதும்: "பழைய ஆர்டரோட ஸ்டேட்டஸ் பார்த்தீங்களா? மறுபடி அனுப்பும்போது அதே டோக்கன்தான் போகுதா?"