பிறந்த வீடும் வாழ்ந்த வீடும்

கணித மேதை சீனிவாச ராமானுஜன் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால், கும்பகோணம் என்றே பலரும் விடையளிக்கின்றனர். பள்ளிப் பேச்சுப் போட்டிகளிலும், ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாள் தேசியக் கணித நாளையொட்டி நடைபெறும் விழாக்களிலும் இதையே கேட்கிறோம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் குடும்பம் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருப்பது இந்த எண்ணத்துக்கு மேலும் வலுவூட்டுகிறது. ஆனால், ராமானுஜன் பிறந்தது கும்பகோணத்தில் அன்று, ஈரோட்டில். ஊர்ப் பெயர் மாறிப்போன சிறு பிழைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பிழைக்குள் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு மறைந்து போகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியிலிருந்து கும்பகோணத்துக் கோயில்களைக் காணச் சென்ற குழு ஒன்றில் நானும் இருந்தேன். சாரங்கபாணி கோயிலில் வழிபட்ட பின்னர், அதே தெருவில் உள்ள நினைவு இல்லத்துக்கும் சென்றோம். எங்களுடன் வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், சன்னலோரம் இருந்த கட்டிலைத் தம் பேத்திக்குக் காட்டி, "நன்றாகப் பார்த்துக்கொள் அம்மா, அந்த மேதை பிறந்த வீடு இதுதான்" என்றார்.

அருகில் நின்ற வழிகாட்டி பணிவுடன் குறுக்கிட்டார்.

"மன்னிக்க வேண்டும் ஐயா. அவர் வளர்ந்த வீடு இது. பிறந்தது ஈரோட்டில்."

பெரியவர் எளிதில் விடவில்லை. "பிறந்த வீடு என்பதால்தானே இதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள்?"

"வாழ்ந்த வீடு என்பதால் வைத்திருக்கிறார்கள் ஐயா. உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கே நடந்தது?"

"எங்கள் ஊரில்தான். வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். காஞ்சிபுரம் மருத்துவமனையில் இவள் பிறந்தாள்."

"மருமகனுக்கு எந்த ஊர்?"

"ஆரணி."

"உங்கள் பேத்தியிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால்?"

"ஆரணி என்பாள்" என்று சொல்லிவிட்டுப் பெரியவரே சிரித்தார்.

"கோமளத்தம்மாளும் அப்படித்தான் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு சென்றார் ஐயா. அவருடைய தந்தை ஈரோடு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாக இருந்தவர். குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயது ஆன பிறகே இந்த ஊருக்கு வந்தார்கள்" என்றார் வழிகாட்டி.

குழுவில் இருந்த ஓர் அம்மையார் அதற்கும் மறுப்பு வைத்திருந்தார். "நாமகிரித் தாயாரை வேண்டி, இந்த வீட்டில் அவர் பிறந்தார் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்?"

"வேண்டிக்கொண்டது அவர்கள் குடும்பத்தின் நம்பிக்கை அம்மா. அதைத் திருத்துவது என் வேலையன்று. ஆனால், நாமகிரித் தாயார் கோயில் எங்கே இருக்கிறது?"

"நாமக்கல்லில்."

"இந்தத் தெருவிலேயே சாரங்கபாணிப் பெருமாள் இருக்கிறார். இங்கு வாழ்ந்தவர்கள் அவ்வளவு தொலைவில் உள்ள தாயாரிடம் குழந்தை வேண்டியது ஏன்? வேண்டிக்கொண்டவர் இந்த வீட்டுக்காரர் அல்லர், ஈரோட்டுத் தாத்தா. அவருக்கு நாமக்கல் பக்கத்து ஊர்."

அம்மையார் மேலும் ஏதும் கேட்கவில்லை. வழிகாட்டி எவருடைய நம்பிக்கையையும் மறுக்கவில்லை. அந்தக் கதையைத் தமிழ்நாட்டு வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார், அவ்வளவே. கும்பகோணத்தில் வைத்தால் பொருந்தாத கதை, ஈரோட்டில் வைத்தால் இயல்பாகப் பொருந்துகிறது. பிறப்பிடம் கும்பகோணம் என்பதற்குச் சான்றாகச் சொல்லப்பட்ட கதையே அதற்கு எதிரான சான்றாகிவிட்டது.

வழிகாட்டி சொன்னதற்கு எழுத்துச் சான்று உண்டு. ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைகள் 1927-இல் கேம்பிரிட்ஜில் தொகுத்து வெளியிடப்பட்டபோது, அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் அதில் சேர்க்கப்பட்டது. அதனை எழுதியவர்கள் பி.வி. சேஷு அய்யரும் ஆர். ராமச்சந்திர ராவும். முன்னவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜனை அறிந்த ஆசிரியர். பின்னவர் அவருக்குப் பொருளுதவி செய்த மாவட்ட ஆட்சியர். தந்தை கும்பகோணத்தில் ஒரு துணி வணிகரிடம் கணக்கு எழுதியதையும், தாய்வழித் தாத்தா ஈரோட்டில் அமீனாவாக இருந்ததையும், மகளுக்குக் குழந்தை வேண்டி அவர் நாமகிரித் தாயாரை வழிபட்டதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர். ராமானுஜன் மறைந்த ஏழு ஆண்டுகளுக்குள், அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதிய குறிப்பு இது. பின்னாளில் விரிவாக ஆராய்ந்து எழுதிய ராபர்ட் கனிகெல், 1887 டிசம்பர் 22, சர்வஜித்து ஆண்டு மார்கழி மாதம், வியாழக்கிழமை மாலை, ஈரோடு தெப்பக்குளம் பகுதியில் இருந்த தாய்வழிப் பாட்டி வீட்டில் அவர் பிறந்ததாகக் குறிப்பிடுகிறார்.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வந்தது? ராமானுஜனை உலகுக்கு அறிமுகம் செய்த பேராசிரியர் ஹார்டியின் எழுத்தும் ஒரு காரணமாக இருக்கலாம். 1936-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை மறு ஆண்டு அச்சாயிற்று. பின்னர் அவருடைய நூலின் முதல் இயலாகவும் அமைந்தது. ராமானுஜன் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள ஈரோட்டில் பிறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறார் ஹார்டி. ஊரின் பெயர் சரி. 'அருகில்' என்பதுதான் தவறு. இரண்டு ஊர்களுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு இருக்கிறது. கும்பகோணம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தையும், ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. இங்கிலாந்தில் இருந்தவருக்கு இரண்டும் பக்கத்து ஊர்களாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், அதைப் படிப்பவர் ஈரோட்டைக் கும்பகோணத்தின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளக்கூடும். பெரிய அறிஞர் எழுதியது என்பதற்காக எந்தச் செய்தியையும் சரிபார்க்காமல் ஏற்கலாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மற்றொரு காரணம் நம்மிடமே உள்ளது. தமிழ்க் குடும்பங்களில் 'சொந்த ஊர்' என்பது பெரும்பாலும் தந்தையின் ஊரே. ராமானுஜன் என்ற பெயருக்கு முன்னால் வரும் 'சீனிவாச' என்பதும் தந்தையின் பெயர்தான். பிறந்த இடம் எது என்று கேட்டாலும் சொந்த ஊரையே விடையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்னும் வழக்கம் நிலவும் சமூகத்தில், மூத்த பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ராமானுஜன் மூத்த பிள்ளை.

இன்றைய சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரின் பதிவாளரிடமே பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் வாழும் ஊரில் அன்று. பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டமும் பெற்றோரின் முகவரிக்கு வேறு கட்டமும் உண்டு. ஆரணிப் பெற்றோருக்குக் காஞ்சிபுரத்தில் பிறந்த அந்தப் பேத்தியின் சான்றிதழில் இரண்டு ஊர்களும் இருக்கும். மேதையின் பிறப்பிடத்தைச் சொல்லும்போது மட்டும் நாம் ஒரு கட்டத்தை அழித்துவிடுகிறோம்.

அதனால் இழப்பது என்ன? கும்பகோணத்தில் பிறந்து கும்பகோணத்திலேயே வளர்ந்தார் என்று கதையைச் சுருக்கும்போது தாய் வீட்டார் அனைவரும் காணாமற்போகின்றனர். ராமானுஜன் வாழ்நாள் முழுவதும் போற்றிய நாமகிரித் தாயார் வழிபாடு தாய் வீட்டிலிருந்து வந்தது. இரண்டு வயதை ஒட்டிப் பெரியம்மை கண்டு அவர் பிழைத்தெழுந்தார். அதன்பின் தாய் அவரை அழைத்துக்கொண்டு வந்தது எங்கள் காஞ்சிபுரத்துக்கு. தாய்வழித் தாத்தா அப்போது காஞ்சிபுரத்தில் நீதிமன்றப் பணியில் இருந்தார். அந்தப் பணி போன பிறகே தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினர்; சிறுவன் காங்கேயன் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். 1897-இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெற்று, டவுன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றான். அதாவது, குழந்தைப் பருவத்தின் கணிசமான பகுதி, தாத்தாவின் வேலை எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊரைப் பொறுத்தே அமைந்தது. கும்பகோணத்தை மட்டும் சொன்னால் இந்த அலைச்சலும், அதைத் தாங்கிய தாயின் குடும்பமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனால் கும்பகோணத்துக்குப் பெருமை குறைந்துவிடாது. கணிதம் அவரை ஆட்கொண்டது அந்த ஊரில். திண்ணையும் சன்னலும் கொண்ட அந்தச் சிறிய வீட்டை விலைக்கு வாங்கி, சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பாதுகாத்து வருகிறது. 2003-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒரு மேதை வாழ்ந்து, படித்து, எண்களோடு போராடிய வீடு என்பதே அந்த வீட்டின் மதிப்பு. அதற்கு இல்லாத ஒரு பிறப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது எளிது. மேடைப் பேச்சுகளிலும் பள்ளி வினா-விடைகளிலும் 'பிறந்த ஊர் ஈரோடு, வளர்ந்த ஊர் கும்பகோணம்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும். பிறர் வரலாற்றை எழுதும்போதும், அவர் மூத்த பிள்ளையா, தாயின் ஊர் எது என்று முதலில் கேட்டறிவது நல்லது. கோமளத்தம்மாளின் தாய் வீட்டை மறந்த அதே பிழை வேறு எத்தனை பேர் வரலாற்றில் இருக்கிறது என்பது அப்போது தெரியவரும்.