மாடல் இல்லை, கேமரா இல்லை: படம் யாருடையது?

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கும் ஒரு சிறிய கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தீபாவளி விளம்பரத்துக்கு மாடல், போட்டோகிராபர், மேக்கப் என்று செலவழிக்க முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. தெரிந்த டிசைனர் ஒருவர் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் நான்கு வரி எழுதி, கோயில் மண்டபத்தில் புடவை கட்டி நிற்கும் பெண்ணின் படத்தை மாலைக்குள் அனுப்பிவிடுகிறார். முதலாளி காசு கட்டி அதை பேஸ்புக்கில் ஓட விடுகிறார். இரண்டே வாரத்தில் அதே பெண் அடுத்த தெருக் கடையின் பேனரிலும் சிரிக்கிறாள்.

வழக்குப் போடலாமா? போடுவதற்கு முன், அந்தப் படம் தன்னுடையதுதான் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணினி உருவாக்கும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. 1994 திருத்தத்தில் வந்த வரி அது. நான்கு வரி எழுதிப் படம் வாங்கும் காலத்தை அதை எழுதியவர்கள் பார்த்ததில்லை. அதில் மனிதரின் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை. 2020இல் ‘சூர்யாஸ்த்’ என்ற ஓவியத்துக்கு, வழக்கறிஞர் அங்கித் சாஹ்னியோடு ராகவ் என்ற ஏஐ செயலியையும் இணை ஆசிரியராக ஏற்று, பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்தது. அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெறும் நோட்டீசையும் அனுப்பியது. அலுவலகத்துக்கே இவ்வளவு தடுமாற்றம்.

அமெரிக்காவில் கோடு கொஞ்சம் தெளிவு. ‘ஸார்யா ஆஃப் தி டான்’ என்ற காமிக்ஸின் கதைக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி போட்ட படங்களுக்குக் கிடையாது என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் பிரித்துச் சொன்னது. நம் முதலாளி இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: நிஜப் புடவையைத் தானே எடுத்த போட்டோ, சொந்த வாசகம், சொந்த வடிவமைப்பு ஆகியவை விளம்பரத்தில் இருந்தால், அந்தப் பகுதிகளுக்காவது உறுதியாக உரிமை கோரலாம்.

இந்தியச் சட்டப்படி அந்தப் படத்துக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். படம் உருவாகக் காரணமானவர் யார்? காசு கொடுத்த முதலாளியா, வரி எழுதிய டிசைனரா? டிசைனர் கடையின் சம்பள ஆள் இல்லை என்றால் உரிமை அவரிடமே தங்கிவிட வாய்ப்புண்டு. ஜிபேயில் பணம் போட்டதால் அது கைமாறாது. எழுதிக் கையெழுத்திட்டால்தான் மாறும். எழுதும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்குப் புடவை அனுப்புகிறவர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கருவியின் விதிகள். மிட்ஜர்னியின் சாதாரணத் திட்டங்களில் உருவாகும் படங்கள் இயல்பாகவே எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். அவற்றை மற்றவர்கள் எடுத்து மாற்றிப் பயன்படுத்தவும் அதன் விதிகள் இடம் தருகின்றன. படத்தை மறைத்து வைக்கும் வசதி விலை கூடிய திட்டங்களில்தான் உண்டு. அடுத்த தெருக்காரர் அங்கிருந்தே எடுத்திருந்தால், திருட்டு என்று சொல்லி அவரிடம் சண்டை போடுவது கடினம். எந்தக் கருவி, எந்தத் திட்டம், யார் கணக்கு என்று டிசைனரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் ஒரு நடிகையைப் போல இருந்தால் தொல்லை வேறு. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015இல் அவர் பெயரையும் சாயலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

இனி, வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்வது. நிஜம்போலத் தோன்றும் செயற்கைப் படங்களுக்கு அடையாளம் தேவை என்ற திருத்தப்பட்ட ஐடி விதிகள் 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறையில் உள்ளன. படம் செயற்கையா என்று பெரிய சமூகத் தளங்கள் பதிவிடுபவரைக் கேட்டாக வேண்டும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள்களைப் பட்டியலிடும் கடைகளுக்கு இன்னொரு நிபந்தனை: ஏஐ படத்தின் கோப்புக்குள் `TrainedAlgorithmicMedia` என்ற குறி இருக்க வேண்டும், அதை நீக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். டிசைனர் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ இந்த மறைகுறி பெரும்பாலும் காணாமல் போய்விடும். மின்னஞ்சலில் இணைப்பாகவோ கூகுள் டிரைவிலோ மூலக் கோப்பை வாங்குவது நல்லது.

ஆனால் ஏஐ என்று முத்திரை குத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. சுங்குடியின் புள்ளிகள் துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதால் வருபவை. ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும். ஏஐ அவற்றை அச்சுப் போல ஒரே அளவில் வரைந்து, கடையில் இல்லாத சரிகைக் கரையையும் சேர்த்துவிடும். படத்தை நம்பி வாங்குகிறவருக்கு வேறு புடவை போய்ச் சேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகப் பார்க்கலாம். தயாரிப்பாளருக்கு முதல் முறையே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. மண்டபத்தை ஏஐ வரையட்டும். புடவையைக் கடை வாசல் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்துவிடலாம்.