பெரிய எழுத்தில் எழுதினால் பொருள் மாறும்

ஆங்கிலத்தில் பி-யைச் சின்னதாக எழுதினால் செருப்புக்குப் போடும் பாலிஷ். அதே பி-யைப் பெரிதாக்கினால் போலந்து மக்களின் மொழி. உச்சரிப்பும் 'போலிஷ்' என்று மாறிவிடும். ஜாப் என்றால் வேலை. முதலெழுத்தைப் பெரிதாக்கினால் பைபிளில் வரும் யோபு, ஆங்கிலத்தில் ஜோப். நைஸ் என்ற சொல் பிரான்சின் நீஸ் நகரமாகிவிடும். இப்படி முதலெழுத்தின் அளவால் பொருள் மாறும் சொற்களுக்கு கேப்பிடோனிம் என்று பெயர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இந்தத் தொல்லைக்கு இடமில்லை.

இவற்றை நினைவிலிருந்து எழுதினால் இருபது முப்பதோடு நின்றுவிடும். லினக்ஸ், மேக் கணினிகளில் அதற்கு ஒரு வழி உண்டு. வரிக்கு ஒரு சொல்லாக அடுக்கிய அகராதிக் கோப்பு ஒன்று அவற்றில் `/usr/share/dict/words` என்ற இடத்தில் இருக்கும். அதில் இரண்டு வடிவத்திலும் வரும் சொற்களைப் பொறுக்கினால் போதும்.

சிக்கல் வரிசைப்படுத்துவதில்தான். கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண். பெரிய பி 80, சின்ன பி 112. அந்த எண்களின்படி அடுக்கினால் பெரிய எழுத்துச் சொற்களெல்லாம் முன்னால் போய்விடும்:

```
March
Polish
march
polish
```

இரட்டைகளைக் கண்டுபிடிக்கும் `uniq` கட்டளையோ அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். மேலே உள்ள வரிசையைக் கொடுத்தால் ஒன்றும் சிக்காது. அதனால் எழுத்தின் அளவைப் பாராமல் முதலில் அடுக்க வேண்டும். `-f` அதற்குத்தான்:

```
export LC_ALL=C
grep -E '^[A-Za-z][a-z]+$' /usr/share/dict/words |
sort -f | uniq -di
```

`grep` வரி ஒரு சல்லடை. அது இல்லாவிட்டால் ஒற்றை எழுத்துகள் வந்து சேரும்; எய்ட்ஸ் நோயின் சுருக்கப்பெயரும் 'உதவிகள்' என்ற பொருள்கொண்ட சொல்லும் ஜோடியாகிவிடும்.

சலித்த பிறகும் பட்டியலை அப்படியே நம்ப முடியாது. மார்க், பில், ஃபிராங்க் என்று ஆள்பெயர்கள் வந்து குவியும். அவற்றைச் சேர்ப்பது பட்டியலை ஊதவைக்கும் வேலை. வேர்ச்சொல்லைப் பார்த்தால் இன்னும் சில ஜோடிகள் வலுவிழக்கும். பீங்கானைக் குறிக்கும் 'சைனா' நாட்டின் பெயரிலிருந்து வந்தது. வான்கோழிக்கும் துருக்கிக்கும் அதே உறவுதான். பாலிஷ்–போலிஷ் ஜோடி அப்படியல்ல. முன்னது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, பின்னது ஸ்லாவிய இனப்பெயர். இரண்டும் சந்தித்தது தற்செயல். இதுதான் அசல் ரகம். எது எந்த ரகம் என்று கட்டளை சொல்லாது. அகராதியைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும் என்பதால், அங்கே இந்த வித்தியாசமும் உதவாது. பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

வீட்டில் உபுண்டு இருந்து அகராதிக் கோப்பு இல்லையென்றால், `wamerican` என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.