உங்களுக்குத் தெரியுமா? படத்தில் தெரியாத பச்சைத்தூள்

மழைக்குப்பின் புல்தரையில் குடை விரிக்கும் வெள்ளைக்காளானைப் புற்றுக்காளான் என்று நம்பிச் சமைப்பவர்கள் உண்டு. அது 'குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்' எனும் நச்சுக்காளானாக இருந்தால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் பேதியும் வரும். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளும் வெள்ளைதான். அடையாளம் காண எடுக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இங்கே ஏமாற்றிவிடும்.

விரிந்த குடையை மடிப்புப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வையுங்கள். நச்சுக்காளான் பச்சை கலந்த வித்துத்தூளை உதிர்க்கும். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. மண்ணைத் தோண்டினால், புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுவரை இறங்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இவை இரண்டுமே இல்லை.

பச்சைத்தூள் இல்லாததாலேயே பயமில்லை என்றாகிவிடாது. உயிரைக் குடிக்கும் அமானிட்டா காளான்களின் தூள் வெள்ளை. படத்தை மட்டும் நம்பி எந்தக் காட்டுக்காளானையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.