அக்காள் நட்டம், தங்கை லாபம்

பிரிட்டனில் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் இரண்டு கம்பெனிகள். ஒன்றுக்கு இந்த ஆண்டு 10 லட்சம் பவுண்டு லாபம். மற்றதற்கு 6 லட்சம் நட்டம். தனித்தனியாகக் கணக்குப் பார்த்தால், லாபக் கம்பெனி 25 சதவீத வரியாக 2.5 லட்சம் கட்ட வேண்டும். நட்டத்தை அதற்கு விட்டுக்கொடுத்தால் மிஞ்சும் 4 லட்சத்துக்கு 1 லட்சம்தான் வரி. விட்டுக்கொடுத்த நட்டத்தை நட்டக் கம்பெனி பிறகு தன் லாபத்தில் கழிக்க முடியாது. தாய் நிறுவனத்துக்கு இரண்டிலும் குறைந்தது 75 சதவீதப் பங்கு இருக்க வேண்டும்.

நட்டம் வெளிநாட்டில் என்றால்? மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் பெல்ஜியம், பிரான்சு, ஜெர்மனி கிளை நிறுவனங்களின் நட்டத்தைப் பிரிட்டனில் கழிக்கக் கேட்டது, வரித்துறை மறுத்தது. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம், பொதுவாக மறுக்கலாம் என்றது. ஆனால் அந்த நாட்டில் நட்டத்தைப் பயன்படுத்தும் எல்லா வழியும் அடைபட்டுவிட்டால் மறுக்கக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது: ஒரே நட்டத்தை இரு நாடுகளில் கழிக்க விடக்கூடாது, எங்குமே கழிக்க விடாததும் தவறு.

இந்தியாவில் இந்த வசதி இல்லை. இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகவே வரி கட்டுகிறது. நட்டக் கம்பெனியை லாபக் கம்பெனியோடு இணைத்துவிடுவது ஒரு வழி. அதற்கும் நிபந்தனைகள் உண்டு.