ஒன்றைத் தாண்ட எத்தனை எண்கள்?

கணினியின் அட்டவணைச் செயலியில் ஒரு கட்டத்தில் =RAND() என்று அடித்தால் 0-வுக்கும் 1-க்கும் இடையே ஏதோ ஒரு தசம எண் வந்து விழும். எந்த எண்ணுக்கும் தனிச் சலுகை கிடையாது. இப்படி வரும் எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டியதும் நிறுத்திவிடுவோம். சராசரியாக எத்தனை எண்கள் தேவைப்படும்?

ஒரு எண்ணின் சராசரி அரை. அப்படியானால் இரண்டு போதும், மிஞ்சினால் இரண்டரை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையான விடை 2.71828... கூட்டு வட்டியிலும் மக்கள்தொகைப் பெருக்கத்திலும் தலைகாட்டும் e என்ற அதே எண். வட்டிக்கும் இந்தக் கூட்டலுக்கும் என்ன உறவு?

முதலில் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்போம். மூன்றாவது எண் எப்போது தேவைப்படும்? முதல் இரண்டின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாதபோது மட்டும். நான்காவது எண், முதல் மூன்றும் தாண்டாதபோது. ஆக, ஒவ்வொரு எண்ணும் தேவைப்படும் வாய்ப்பைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் கூட்டினால் சராசரி கிடைத்துவிடும்.

அந்த வாய்ப்பைக் காண ஓர் அழகான வழி உண்டு. சுற்றளவு சரியாக ஒரு கிலோமீட்டர் கொண்ட வட்டப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டில் புறப்பட்டு, வரும் எண் எவ்வளவோ அவ்வளவு கிலோமீட்டர் நடக்க வேண்டும். 0.42, 0.31, 0.55 என்று எண்கள் வந்தால், நிற்கும் இடங்கள் 0.42, 0.73, பிறகு தொடக்கக் கோட்டைக் கடந்து 0.28. மூன்றாவது இடம் முந்தையதைவிடச் சிறியதாகிவிட்டது பாருங்கள். ஒரு சுற்று முடிந்ததற்கு அதுதான் அடையாளம். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாதவரை இடங்கள் ஏறுவரிசையிலேயே இருக்கும். தாண்டிய கணத்தில் வரிசை குலையும்.

இனி முக்கியமான செய்தி. எங்கே நின்றிருந்தாலும், அடுத்த நடை உங்களை வட்டத்தின் எந்தப் புள்ளியிலும் சம வாய்ப்போடு கொண்டுபோய் விடுகிறது. முன்பு நின்ற இடம் அதைப் பாதிப்பதில்லை. எனவே மூன்று இடங்கள் எந்த வரிசையிலும் அமையலாம். மொத்தம் ஆறு வரிசைகள், ஆறுக்கும் ஒரே வாய்ப்பு, ஏறுவரிசை அவற்றுள் ஒன்றே ஒன்று. ஆகவே மூன்று எண்கள் கூடியும் 1-ஐத் தாண்டாத வாய்ப்பு 1/6. இரண்டு எண்களுக்கு 1/2, நான்குக்கு 1/24, ஐந்துக்கு 1/120.

முதல் எண்ணும் இரண்டாவதும் எப்படியும் தேவை. அவற்றுக்கு ஒன்று, ஒன்று. பிறகு

1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + 1/120 + ...

இந்த ஆறு உறுப்புகளிலேயே 2.7167 வந்துவிடுகிறது. முடிவில்லாமல் நீட்டினால் e. பாதித் தடவை இரண்டு எண்களோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பது உண்மைதான். மீதிப் பாதியில் மூன்று, நான்கு என்று நீள்வதுதான் சராசரியை மேலே இழுக்கிறது.

இதைச் செய்துபார்த்து e-யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உட்காருபவர்கள் கொஞ்சம் பொறுமையோடு உட்கார வேண்டும். ஆயிரம் முறை செய்தாலும் சராசரி 0.03 அளவுக்கு இப்படியோ அப்படியோ விலகி நிற்பது இயல்பு. இரண்டாம் தசமத்தை நம்ப வேண்டுமானால் ஒரு லட்சம் முறைக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும்.

கணினி வேண்டாம் என்றால் 1 முதல் 10 வரை எழுதிய பத்துச் சீட்டுகள் போதும். ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் கலக்கி, மறுபடி எடுங்கள். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டும்போது நிறுத்துங்கள். இங்கே சராசரி e ஆக வராது. இரண்டு சீட்டுகள் விழும் 100 வகைகளில் 45 வகைகள் 10-ஐத் தாண்டுவதில்லை. மூன்று சீட்டுகளின் 1000 வகைகளில் 120. அதாவது 1 + 1 + 0.45 + 0.12 + 0.021 + ... இப்படிக் கூட்டினால் கிடைப்பது 2.5937. இது சரியாக 1.1-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது.

வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெருக்கல் பழக்கமானது. ஆண்டுக்கு நூறு சதவீத வட்டியைப் பத்துத் தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் அசலோடு சேர்த்தால், ஒரு ரூபாய் ஆண்டு முடிவில் 2.5937 ரூபாய் ஆகும். நூறு சீட்டுகள் எழுதி 100-ஐத் தாண்டும்வரை எடுத்தால் சராசரி 2.7048, நூறு தவணை வட்டிக்கும் அதே தொகை. சீட்டுகள் பெருகப் பெருக அவை தசம எண்களை நெருங்குகின்றன. தவணைகள் பெருகப் பெருக வட்டி கணத்துக்குக் கணம் சேர்கிறது. சுவிட்சர்லாந்தின் யாக்கோபு பெர்னூலி 1683-இல் அப்படி இடைவிடாமல் சேரும் வட்டியை ஆராய்ந்து, ஒரு ரூபாய் எவ்வளவு ஆகும் என்பதற்கான எல்லை 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கிறது என்று காட்டினார்.